இருட்டினால் அணையும் எட்டாவது போர்ட் கேமரா

பகல் முழுக்க ஒழுங்காக ஓடும் கேமரா, விளக்கு வைக்கும் நேரத்தில் அணைந்துபோகும். இரண்டு நிமிடத்தில் தானாகவே வரும், மறுபடி போகும். காலையில் டெக்னீஷியன் வந்து பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். கேமராவை மாற்றுவார், முனையில் உள்ள ஆர்ஜே-45 பிளக்கை வெட்டிப் புதிதாகப் போடுவார். அன்று இரவும் அதே கதைதான் நடக்கும். கோளாறு கேமராவில் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்விட்சின் கணக்கில் இருக்கிறது.

இன்றைய சிசிடிவி கேமராக்களுக்கும் கூரையில் ஒட்டியிருக்கும் வைஃபை அக்சஸ் பாயிண்டுகளுக்கும் தனியாக பிளக் பாயிண்ட் தேவையில்லை. டேட்டா போகும் அதே லேன் கேபிளில் ஏறத்தாழ 50 வோல்ட் டிசி மின்சாரத்தையும் ஸ்விட்ச் அனுப்பிவிடும். இதற்குப் பெயர் பவர் ஓவர் ஈதர்நெட், கடைக்காரர் வாயில் பிஓஇ. 2003-ல் வந்த 802.3af என்ற தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். பிஓஇ பிளஸ் என்று சொல்லப்படும் 2009-ன் 802.3at அதை 30 வாட்டாக்கியது. 2018-ல் வந்த இன்னொரு தரம் 90 வாட் வரை போகிறது. சிறு கடைக்கும் மண்டபத்துக்கும் முதல் இரண்டே போதும்.

வாங்குபவர் ஏமாறும் இடம் பெட்டியின் முகப்பு. ‘8 போர்ட், போர்ட்டுக்கு 30 வாட்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். எட்டை முப்பதால் பெருக்கி 240 வாட் என்று நினைத்துக்கொள்வோம். பின்பக்கம் சின்ன எழுத்தில் மொத்த பிஓஇ பட்ஜெட் 65 வாட் என்று இருக்கும். எட்டு இலை போட்டுவிட்டு நாலு பேருக்குச் சோறு வடித்த மாதிரிதான். எல்லோரும் கொஞ்சமாகச் சாப்பிடும் வரை குறை தெரியாது.

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு சாதாரண கேமராக்கள், ஹாலில் ஓர் அக்சஸ் பாயிண்ட், எல்லாம் 65 வாட் ஸ்விட்ச் ஒன்றில். கேமரா பகலில் 4 வாட் இழுக்கும். இருட்டியதும் உள்ளே ‘டிக்’ என்று ஒரு ஃபில்டர் நகரும், இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரியத் தொடங்கும், அதே கேமரா 7 வாட் கேட்கும். அக்சஸ் பாயிண்டுக்கு 13 வாட். பகலில் 37, இரவில் 55. இதுவரை தொல்லையில்லை.

பிறகு பார்க்கிங்குக்கு ஒரு சுழலும் கேமரா, அதாவது பிடிஇசட், வாங்கி மீதமிருந்த எட்டாவது போர்ட்டில் செருகுகிறார்கள். அது பகலில் 8 வாட், இரவில் தன் பெரிய எல்இடிகளோடு 18 வாட். பகல் மொத்தம் 45. இரவு மொத்தம் 73. பட்ஜெட்டைத் தாண்டியதும் ஸ்விட்ச் ஏதாவது ஒரு போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலான சிறிய ஸ்விட்சுகளில் ஒன்றாம் போர்ட்டுக்கு முதல் மரியாதை, கடைசி போர்ட்டுக்குக் கடைசி மரியாதை. எட்டாவது போர்ட் அணைகிறது. மொத்தம் 55-க்கு இறங்கியதும் ஸ்விட்ச் அதற்கு மறுபடி மின்சாரம் கொடுக்கிறது. கேமரா எழுந்து 8 வாட்டில் பூட் ஆகிறது, எல்இடியை ஏற்றுகிறது, மறுபடி அணைகிறது. விடியும் வரை இதே ஆட்டம்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். அந்தக் கேபிளை ஒன்றாம் போர்ட்டுக்கும், ஒன்றில் இருந்ததை எட்டுக்கும் மாற்றிச் செருகுங்கள். இப்போது பிடிஇசட் நிலையாக எரிந்து வேறொரு கேமரா அணைந்தால், குறை பட்ஜெட்டில்தான். பிடிஇசட்டே அணைந்தால் அந்தக் கேபிளையோ கேமராவையோ சந்தேகிக்கலாம். சில ஸ்விட்சுகளின் முகப்பில் ‘PoE Max’ என்று ஒரு சின்ன விளக்கு இருக்கும், பட்ஜெட் தீரப்போகும்போது எரியும். பகல் பத்து மணிக்கு வரும் டெக்னீஷியன் அது எரிவதைப் பார்க்கவே மாட்டார். இரவு வரை காத்திருக்கவும் வேண்டாம். எல்லாக் கேமராக்களின் செட்டிங்கிலும் டே/நைட் என்பதை ‘நைட்’ என்று பூட்டிவிட்டால், பட்டப்பகலிலேயே இரவுச் சுமை வந்துவிடும்.

பெரிய அலுவலகங்களின் மேனேஜ்டு ஸ்விட்சில் இன்னொரு வினோதம் உண்டு. சாதனம் இணைந்ததும் தன் வகுப்பைச் சொல்லும். நாலாம் வகுப்பு அக்சஸ் பாயிண்ட் 13 வாட்டே இழுத்தாலும், ஸ்விட்ச் அதற்கு 30 வாட்டை ஒதுக்கிவைத்துவிடலாம். கையில் மின்சாரம் இருந்தும் அடுத்த சாதனத்துக்கு இல்லை என்று சொல்லும். சிஸ்கோ ஸ்விட்சானால் `show power inline` என்று அடித்துப் பார்த்தால் ஒதுக்கியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

இனி கேபிள். 100 மீட்டர் எல்லை என்று எல்லோரும் சொல்வது முதலில் டேட்டாவுக்கான எல்லை. மின்சாரத்தைப் பொறுத்தவரை நீளம் மட்டும் போதாது, உள்ளே இருப்பது என்ன உலோகம் என்பதும் தெரிய வேண்டும். மலிவான கேபிள்களில் அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். அதன் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. போதாததற்குக் கம்பியையும் மெல்லியதாக இழுத்திருப்பார்கள்.

நம் பிடிஇசட்டையே வைத்துப் பார்க்கலாம். ஸ்விட்சில் 50 வோல்ட், 100 மீட்டர் நல்ல செம்புக் கேபிள் என்றால் போய்வரும் மின்தடை 8 ஓமுக்குச் சற்று மேல். கேமராவுக்கு 18 வாட் போய்ச்சேர ஸ்விட்ச் 19 வாட்டுக்குச் சற்று மேல் தர வேண்டும். கேமரா முனையில் சுமார் 47 வோல்ட் இருக்கும். அதே தூரத்துக்கு மெல்லிய அலுமினியக் கேபிள் போட்டால் மின்தடை 21 ஓம் ஆகும். வோல்ட் குறையக் குறைய, அதே 18 வாட்டைப் பெறக் கேமரா கூடுதல் கரண்ட்டை இழுக்கும், கேபிளில் வெப்பமாக வீணாவதும் ஏறும். ஸ்விட்ச் 22 வாட் தர வேண்டியிருக்கும், முனையில் கிடைப்பது 41 வோல்ட்டுக்கும் கீழே. பிஓஇ பிளஸ் சாதனத்துக்குத் தரம் உறுதியளிக்கும் குறைந்தபட்சம் 42.5 வோல்ட். அதற்குக் கீழே கேமரா எழுந்தாலும் எழும், மோட்டார் திரும்பும் நொடியில் விழுந்தாலும் விழும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கம்பியை உரித்து பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். முழுக்கச் சிவப்பாக இருந்தால் செம்பு.

மண்டபத்துக்கு இரண்டு வழி உண்டு. இரவுச் சுமை 73 வாட்டோடு கால்வாசி சேர்த்தால் 91, ஆக 120 வாட் பட்ஜெட் உள்ள ஸ்விட்சாக மாற்றலாம். செலவு வேண்டாமென்றால் பிடிஇசட்டுக்கு மட்டும் 30 வாட் இன்ஜெக்டர் ஒன்றை வாங்கி, ஸ்விட்சுக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்து, பழைய ஸ்விட்சை 55 வாட்டோடு விட்டுவிடலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். இன்ஜெக்டர் 802.3at தரத்தில் இருக்க வேண்டும். எதிரே என்ன சாதனம் என்று கேட்காமலே மின்சாரத்தைத் தள்ளும் மலிவு அடாப்டர்கள் சாதனத்தையே எரித்துவிடக்கூடும். யுபிஎஸ் இருந்தால் இன்ஜெக்டரையும் அதிலேயே செருக வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் பார்க்கிங் மட்டும் இருட்டாகிவிடும்.

பார்க்கிங் 100 மீட்டரைத் தாண்டியிருந்தால், சில ஸ்விட்சுகளில் ‘Extend’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி, டேட்டா 250 மீட்டர் வரை போகும். ஒரு கேமராவின் படத்துக்கு அது போதும். ஆனால் அந்தப் பொத்தான் கம்பியின் மின்தடையைக் குறைக்காது. 250 மீட்டர் நல்ல செம்பிலேயே 21 ஓம் வந்துவிடும். 7 வாட் கேமரா அதில் தாராளமாக ஓடும், 18 வாட் பிடிஇசட்டை அங்கே வைக்கக் கூடாது. அதற்கு அந்த இடத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட் போட்டு, டேட்டாவுக்கு மட்டும் ஃபைபர் இழுப்பதுதான் சரி.