தனியே நிற்கும் எண் எது?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று முடிவுகள் 2021 நவம்பர் 24 அன்று வெளியாயின. பக்கம் பக்கமாக எண்கள் இருந்தும், அவற்றில் ஒன்று மட்டும் நாடெங்கும் சுற்றியது: 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள். பெரிய எழுத்தில், வண்ணப் பின்னணியில், வாட்ஸ்அப் குழுக்களில் அது பகிரப்பட்டது. பெண் சிசுக்கொலையும் கருக்கொலையும் முடிவுக்கு வந்துவிட்டன என்றே பலரும் அதைப் படித்தார்கள்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சொன்னது வேறு. ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் முந்தைய இரவு தங்கியிருந்தவர்களை வைத்துக் கிடைத்த கணக்கு அது. கட்டட வேலைக்காக வெளியூர்க் கொட்டகையில் படுத்திருந்தவர், ராணுவ முகாமில் இருந்தவர், விடுதியில் தங்கிப் படித்தவர் யாரும் அதில் வரவில்லை. இவர்களில் ஆண்களே அதிகம். பெண்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்வதும் கணக்கைப் பெண்கள் பக்கம் சாய்க்கிறது. அதே அறிக்கையில் அடுத்த வரியில் இன்னோர் எண் இருந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 929 பெண்கள். பெண் கருக்கள் பிறக்க விடப்படுகின்றனவா என்று கேட்பவருக்கு வேண்டிய எண் அதுதான். அதைப் பெரிதாக எடுத்துப் போட்டவர்கள் குறைவு.

கருத்தரங்கு முடிந்ததும் ஸ்லைடுகளிலிருந்து முக்கியமான மேற்கோள்களையும் புள்ளிவிவரங்களையும் எடுத்து ஒரே படமாக்கிப் பகிர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தைச் செய்பவருக்கு 1020 ஒரு நல்ல பாடம். ஸ்லைடில் இருக்கும்போது ஓர் எண்ணுக்குத் துணை உண்டு. பேசுபவர் பக்கத்தில் நின்று விளக்குகிறார். அடுத்த ஸ்லைடு அதைத் திருத்துகிறது. படத்துக்குள் வந்தபின் அந்தத் துணை போய்விடுகிறது. எனவே எது பெரிய எண், எது அதிர்ச்சி தரும் எண் என்று தேடுவதைவிட, தனியாக நின்றாலும் பொருள் மாறாத எண் எது என்று தேடுவதே சரி.

இதே ஆய்வின் தமிழ்நாட்டு முடிவுகளை வைத்து, பிரசவம் பற்றி ஒருவர் ஸ்லைடுகள் தயாரித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு ஒரு படத்துக்கான இடம்தான் இருக்கிறது. கையில் கிடைக்கும் எண்கள் இவை: மருத்துவமனையில் நடக்கும் பிரசவம் 99.6 விழுக்காடு. சிசேரியன் 44.9 விழுக்காடு, முந்தைய சுற்றில் அது 34.1. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் 36 விழுக்காடு, தனியாரில் 63.8.

முதலில் 99.6. பிழையற்ற, தனியே நிற்கக்கூடிய எண். ஆனால் முந்தைய சுற்றிலேயே அது 99-ஐ ஒட்டித்தான் இருந்தது. படத்தைப் பார்ப்பவருக்கு அது புதிதாக எதையும் சொல்லாது. ஸ்லைடிலேயே இருக்கட்டும்.

அடுத்து 63.8. பெரிதாகப் போட ஆசையைத் தூண்டும் எண் இதுதான். இங்கேதான் கவனம் வேண்டும். ‘சிசேரியன்: தனியார் 64%’ என்று சுருக்கிப் போட்டால், படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? நடக்கிற சிசேரியன்களில் 64 விழுக்காடு தனியாரில் நடக்கின்றன என்றுதான் பலருக்கும் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் 1000 பிரசவங்களை எடுத்துக்கொண்டால், சுமார் 669 அரசு மருத்துவமனைகளிலும் 327 தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கின்றன. அரசின் 669இல் 36 விழுக்காடு என்றால் 241 சிசேரியன். தனியாரின் 327இல் 63.8 விழுக்காடு என்றால் 209. மொத்த சிசேரியன்களில் பாதிக்கு மேல் நடப்பது அரசு மருத்துவமனைகளில்தான். தனியாருக்குப் போகிறவருக்குச் சிசேரியன் ஆகும் வாய்ப்பு அதிகம் என்பது ஒரு செய்தி; சிசேரியன்களில் பாதிக்கு மேல் அரசிடம் நடக்கின்றன என்பது இன்னொரு செய்தி. இரண்டுமே உண்மை. எதில் எத்தனை என்பதைச் சொல்லாத விழுக்காடு, இரண்டையும் குழப்பிவிடுகிறது.

ஆகவே 63.8-ஐ எடுப்பதென்றால் வாக்கியமாகவே எடுக்க வேண்டும். ‘தனியார் மருத்துவமனையில் நடக்கும் 100 பிரசவங்களில் 64 சிசேரியன், அரசு மருத்துவமனையில் 36’. சொற்கள் கூடுகின்றனதான். ஆனால் எதில் எத்தனை என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரும் தவறாகப் படிக்க வழியில்லை.

தலைப்பு எண்ணாக நான் எடுப்பது 44.9. மாநிலம் முழுவதையும் சொல்கிறது, பக்கத்தில் 34.1 என்ற பழைய அளவை வைத்தால் மாற்றமும் தெரிகிறது. இந்த உயர்வைச் சொல்லவும் இரண்டு வழி உண்டு. 34.1இலிருந்து 44.9 என்பது 10.8 புள்ளி உயர்வு. பழைய அளவோடு ஒப்பிட்டால் 32 விழுக்காடு உயர்வு. 32 பெரிதாகத் தெரிகிறது என்று அதை எடுத்தால், சிசேரியன் அளவே 32 விழுக்காடுதான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்வார்கள். ‘அன்று 34, இன்று 45’ என்று இரண்டையும் அருகருகே வைப்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

இனி மேற்கோள். இத்தகைய ஸ்லைடுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில், சிசேரியன் 10 முதல் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரி அடிக்கடி வரும். அது 1985இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நடந்த கூட்டத்தின் முடிவு. ஒரு வட்டாரம் முழுவதற்கும் சொன்ன அளவு அது. சிக்கலான பிரசவங்கள் வந்து குவியும் ஒரு தனி மருத்துவமனைக்குச் சொன்னதில்லை. 2015இல் அதே நிறுவனம் இன்னொரு கருத்தை வெளியிட்டது. குறிப்பிட்ட அளவை எட்டப் பாடுபடுவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றது. 10 விழுக்காட்டுக்கு மேல் போவதால் மக்கள்தொகை அளவில் தாய் சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றும் சேர்த்தே சொன்னது.

இவற்றில் எதை எடுப்பது? 1985 வரி குட்டையானது, எண் உள்ளது, படத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் சொன்னவரே பின்னால் அதன் பொருளை மாற்றிவிட்டார். ஆண்டைக் குறிக்காமல் போட்டால் இன்றைய விதி போலத் தெரியும். நான் 2015 கருத்தை எடுப்பேன், ஆண்டோடும் நிறுவனத்தின் பெயரோடும். இன்னொரு காரணமும் உண்டு. படத்தில் ஏற்கெனவே எண் இருக்கிறது. மேற்கோளும் எண்ணையே சொன்னால் இடம்தான் வீண். எண்ணால் சொல்ல முடியாததை, இங்கே தேவையின் பேரில்தான் அறுவை நடக்க வேண்டும் என்பதை, மேற்கோள் சொல்ல வேண்டும். மேற்கோளைச் சுருக்கும்போது ‘ஆனால்’, ‘எனில்’, ‘மட்டும்’ போன்ற சொற்கள் முதலில் வெட்டுப்படும். அந்தச் சொல் போனால் கருத்தே மாறுகிறது என்றால், அந்த மேற்கோள் படத்துக்கு ஏற்றதில்லை.

இப்படித் தேர்ந்தால் நம் படத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே அன்றும் இன்றும் காட்டும் இரண்டு எண்கள். நடுவே அரசு, தனியார் வாக்கியம். அதன் கீழ் ஒரு மேற்கோள். அடியில், சிறிய எழுத்தானாலும் படிக்கக்கூடிய அளவில், ‘தேசிய குடும்ப நல ஆய்வு 5, 2019–21, முந்தைய ஐந்தாண்டுப் பிரசவங்கள்’ என்ற வரி. இந்த வரியைத் தனிப் பதிவாகப் போட்டுப் பயனில்லை. படம் கைமாறும்போது கூடவே போவது படத்துக்குள் இருப்பது மட்டும்தான்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கருத்தரங்குக்கு வராத ஒருவரிடம் படத்தைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். ‘சிசேரியனில் பெரும்பகுதி தனியாரில்தான் நடக்கிறதாம்’ என்று அவர் சொன்னால், குறை அவரிடம் இல்லை. வாக்கியத்தைத் திருத்துங்கள், திருத்த முடியாவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.