மழையால் தள்ளிப்போகும் விளையாட்டு விழா

ஐப்பசி, கார்த்திகையில் விளையாட்டு விழா வைக்கும் பள்ளி, தள்ளிவைப்பு அறிவிப்பையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அதில் பெற்றோர் முதலில் தேடுவது, நாளைக்குப் பள்ளி உண்டா என்பதைத்தான். ‘கனமழையால் வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா நடைபெறாது; வகுப்புகள் வழக்கம்போல் உண்டு; சீருடையில் வரவும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

புதிய தேதியை அவசரப்பட்டு எழுதக் கூடாது. மழை விட்டாலும் களிமண் மைதானம் உடனே காயாது. உடற்கல்வி ஆசிரியர் ஓடுபாதையில் குதிகாலை அழுத்திப் பார்க்கட்டும். அந்தத் தடத்தில் நீர் கசிந்தால் ஓடும் பிள்ளை வழுக்கி விழும். கரைந்துபோன சுண்ணாம்புக் கோடுகளையும் மறுபடி போட வேண்டும்.

ஆசிரியர்களுக்குத் தனி அறிவிப்பு தேவை. பந்தல்காரர், சமையல்காரர், சிறப்பு விருந்தினர் ஆகியோருக்கு யார் தகவல் சொல்வது என்று பெயர் போட்டே எழுத வேண்டும்.