அப்பாவுக்கு அப்போது என்ன வயது?

இறப்பைப் பதியும் படிவத்தில் வயது என்றால் நிறைவடைந்த ஆண்டுகள்தான். 'அறுபது நடக்குது' என்று வீட்டில் சொன்னால், எழுதவேண்டியது 59. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மாதத்தில், ஒரு மாதம் ஆகாததற்கு நாளில், ஒரு நாளும் வாழாததற்கு மணியில் எழுதுவார்கள்.

பதியாமல் ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கும்: பிறந்த தேதி தெரியாது, கையில் இருப்பது பழைய வாக்காளர் பட்டியல் மட்டும்.

10.10.2009 அன்று ராமநாதபுரம் பக்கம் ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். 1.1.2005 நிலவரப்படியான பட்டியலில் அவர் வயது 55. பலரும் நான்கைக் கூட்டி 59 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 55-க்கு அர்த்தம், அவர் 2.1.1949-க்கும் 1.1.1950-க்கும் இடையில் பிறந்தவர் என்பதே. 1949 அக்டோபர் 10-க்குள் பிறந்திருந்தால் இறந்தபோது வயது 60. அதற்குப் பின் என்றால் 59.

அந்த 55-ஐயும் அப்படியே நம்பக்கூடாது. 50, 55, 60 என முழு எண்ணாக இருந்தால் கணக்கெடுப்பவரிடம் குத்துமதிப்பாகச் சொன்னதாக இருக்கலாம். 1995 பட்டியலில் 40 என்று இருந்தால், பத்தாண்டில் பதினைந்து வயது கூடியிருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். "தனுஷ்கோடி புயலப்ப அவன் பத்தாவது படிச்சான்" என்று அக்கா சொன்னால், அது 1964 டிசம்பர். வயது பதினைந்து, 1949 பொருந்துகிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் கிடைத்தால் அதில் பிறந்த தேதியே இருக்கும். அப்போது இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது.