லோகோவுக்கு முன் ரசீது

சிறிய தொண்டு நிறுவனங்களில் பிராண்டிங் என்று பேச்செடுத்தாலே லோகோவில்தான் போய் நிற்பார்கள். விளக்கா, மரமா, கைகளா என்று கமிட்டி கூடிக் கூடிப் பேசும். அதற்குள் ஆண்டுவிழா நோட்டீஸ் வழக்கம்போல யாரோ ஒருவருடைய போனில் தயாராகி, வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். லோகோவைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு நன்கொடை ரசீதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

மாலைநேர வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளை என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஒரு வருடத்தில் வெளியே போன காகிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் முதலில் மேசையில் பரப்பவேண்டும். ரசீது, தலைமையாசிரியருக்குக் கடிதம், வாட்ஸ்அப் அறிவிப்பு, விழாவுக்கு ஒரு பிளெக்ஸ். பெரும்பாலும் இந்த நான்குதான் இருக்கும். நிறுவனத்தின் பெயரே ஒன்றில் ‘டிரஸ்ட்’, இன்னொன்றில் ‘அறக்கட்டளை’ என்று இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். பத்திரத்தில் பதிவான பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, இந்த நான்குக்கு மட்டும் டெம்ப்ளேட் செய்தால் போதும். விசிட்டிங் கார்டு, காலண்டரெல்லாம் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நிறம் இரண்டு போதும். கரும்பச்சை #1B5E20, மஞ்சள் #FFC107 என்று எடுத்துக்கொண்டால், வெள்ளைத் தாளில் அந்தப் பச்சை எழுத்து தெளிவாகத் தெரியும். அதே தாளில் மஞ்சள் எழுத்து காணாமல் போய்விடும். கண் சொல்வதை எண்ணாலும் சரிபார்க்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும் என்பது இணைய அணுகல் தரநிலை. வெள்ளையில் மஞ்சளுக்குக் கிடைப்பது 1.6 சொச்சம்தான், பச்சைக்கு 7.9. பச்சைப் பட்டையின் மேல் மஞ்சள் எழுதினால் 4.8 வருகிறது, அது தேறிவிடும். ஆகவே மஞ்சள் எழுத்து பச்சையின் மேல் மட்டும் என்று ஒரே வரியில் விதியை எழுதிவைத்துவிடலாம்.

உண்மையான தலைவலி எழுத்துருவில்தான். ஆங்கிலத்தில் அழகாக அமைந்த டெம்ப்ளேட்டில் தமிழை ஊற்றினால் தலைப்பு இரண்டு வரியாகும், மேல்வரியின் உகரக் கொக்கி கீழ்வரியின் இகரச் சுழியில் இடிக்கும். அதனால் வழக்கமாக வரும் தலைப்புகளிலேயே மிக நீளமான தமிழ்த் தலைப்பை வைத்துத்தான் கட்டத்தை அளக்கவேண்டும். வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஹிந்த் மதுரை, முக்த மலர், கட்டமரன் ஆகியவை கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். இவற்றில் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றே போதும்.

ரசீதையும் கடிதத்தையும் ஆபீசில் எல்லோருக்கும் பழகிய வேர்டிலேயே செய்யலாம். ஆனால் தமிழுக்கான எழுத்துருவை வேர்ட் தனியாக வைத்திருக்கிறது. Styles-இல் எழுத்துருவை மாற்றிய பிறகும் தமிழ் மட்டும் பழைய எழுத்திலேயே நின்றால், Font பெட்டியில் Complex scripts என்ற இடத்திலும் அதே பெயரைக் கொடுக்கவேண்டும். இதைத் தெரியாமல் ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

ரசீதில் பான் எண், 80ஜி பதிவு எண், முகவரி எல்லாம் நிலையாக இருக்கும். பெயர், தொகை, தேதி, ரசீது எண் ஆகியவற்றுக்கு மஞ்சள் பூசிய காலியிடம் விடவேண்டும். போன ரசீதைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் இருக்கும்வரை, முந்தைய நன்கொடையாளரின் தொகையோ ரசீது எண்ணோ புதியவருக்குப் போய்ச் சேரும். கோப்பை .dotx வடிவில் சேமித்தால் ஒவ்வொரு முறை இரட்டைச் சொடுக்கும்போதும் புதிய பிரதிதான் திறக்கும். மூலம் அப்படியே இருக்கும். வெளியே அனுப்புவது எப்போதும் பிடிஎஃப்.

பிளெக்ஸ் கடைக்கும் பிடிஎஃப்பாகவே கொடுங்கள். யூனிகோடு வாசகத்தைக் கொடுத்து ‘அடித்துக்கொள்ளுங்கள்’ என்றால், பழைய மென்பொருளில் எழுத்து சிதறக்கூடும். ‘கொடை’ என்ற சொல்லைப் பாருங்கள்: கொம்பு ககரத்துக்கு முன்னால் ஒட்டாமல் பின்னாலோ தனியாகவோ நின்றால் அச்சுக்கு அனுப்பக்கூடாது. லோகோ என்று ஒன்று வந்தபின் அதன் எஸ்விஜி கோப்பையும் பத்திரப்படுத்தவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்துபோன லோகோ சுருங்கியிருக்கும். பத்தடி பேனரில் அது கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.

கடைசியில், இந்த வேலையில் சேராத ஒரு தன்னார்வலரிடம் டெம்ப்ளேட்டைக் கொடுத்து, அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். லோகோவை இழுத்துப் பெரிதாக்கினால் அதை நகராதபடி பூட்டவேண்டும். மூன்றாவது நிறம் தேடினால், எங்கே தேடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘அனுமதி இலவசம்’ என்ற வரிக்காகத்தான் சிவப்பைத் தேடுவார்கள். அந்த வரிக்கென்று பச்சைப் பட்டையில் மஞ்சள் எழுத்தை முன்கூட்டியே அமைத்துக் கொடுத்துவிடலாம்.