இன்று மாலை வரை மட்டுமா?

விஷ்ராந்த்வாடியில் கட்டுமான நிறுவனம் ஒன்று 60 லட்சம் ரூபாய்க்குப் புதிய வீடு விற்பதாகக் கொள்வோம். பேச்சின் முடிவில் வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற விற்பனையாளருக்கு இரு வழிகள் உண்டு.

ஒன்று, தொகுத்துக் கேட்பது. கார்பெட் ஏரியா, ஒப்படைக்கும் நாள், மகாரேரா பதிவெண் ஆகியவற்றை மீண்டும் கூறி, "ஐயம் இல்லையெனில் முன்பதிவு செய்யலாமா?" என்பார். மற்றொன்று, "இந்த விலை இன்று மாலை வரை மட்டுமே" என நெருக்குவது.

நெருக்கினால் முன்பணம் விரைந்து வரும். ஆனால் மறுவாரமும் அதே விலை விளம்பரத்தில் தெரிந்தால், வாங்கியவர் விற்பனையாளர் கூறிய அனைத்தையும் ஐயுறுவார். முன்பதிவை ரத்து செய்யாவிடினும், தம்பியையோ அலுவலக நண்பரையோ அங்கு அழைத்துவர மாட்டார். வாழ்நாளில் ஓரிரு முறையே வீடு வாங்கப்படுவதால், அத்தகைய பரிந்துரையே இத்தொழிலில் மறுவணிகம்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, எழுத்துமூல ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது இங்கு 6 லட்சத்துக்கு மேல், முன்பணம் பெறக்கூடாது. எனவே, கெடு விதிக்கப்பட்டால் அதனை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்த வரைவைப் படித்தபின் பதில் கூறுங்கள் என்கிறோம். கெடு உண்மையெனில், எழுதித் தர விற்பனையாளர் தயங்கமாட்டார்.