ஸ்மார்ட்வாட்சுக்குக் கூடுதல் வாரன்டி: கட்டும் பணம் வீணா, லாபமா?

ஸ்மார்ட்வாட்சுக்குப் பில் போடும்போதே கடைக்காரர் இரண்டு திட்டங்களை நீட்டுவார். ஒன்று கூடுதல் வாரன்டி. மற்றொன்று விபத்துப் பாதுகாப்பு. பெயர்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான வாட்ச்களுக்கு நிறுவனமே ஓராண்டு வாரன்டி தருகிறது. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். வாட்ச் தானாக அணைந்துபோனாலோ, சென்சார் வேலை செய்யாவிட்டாலோ இலவசமாகச் சரிசெய்வார்கள். கூடுதல் வாரன்டி இதே பொறுப்பை இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்கு நீட்டிக்கிறது, அவ்வளவுதான். கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால் அதனால் பயனில்லை. போகப்போகத் தளர்வது பேட்டரி. அதையும் ‘தேய்மானம்’ என்று சொல்லிப் பல திட்டங்கள் ஒதுக்கிவிடுகின்றன.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் தேவை. ‘5 ஏடிஎம்’ என்று போட்டிருந்தால், 50 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தைப் புது வாட்ச் சோதனையில் தாங்கியது என்றே பொருள். வெந்நீரும் சோப்பும் பட்டுப்பட்டு உள்ளிருக்கும் அடைப்பு நாளடைவில் தளர்ந்துவிடும். பிறகு நீர் புகுந்தால், சாதாரண வாரன்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

உடைவதற்கும் நீர் புகுவதற்கும் கைகொடுப்பது விபத்துப் பாதுகாப்பு. ஆனால் அதுவும் முழு இலவசம் இல்லை. ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணம் கேட்கும் திட்டங்கள் உண்டு. வெறும் கீறலுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. தொலைந்தாலோ திருடுபோனாலோ பல திட்டங்கள் கைவிரித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாட்ச் விலை 30,000 ரூபாய், டிஸ்பிளே மாற்ற 14,000, ஓராண்டுத் திட்டம் 3,000, சேவைக் கட்டணம் 1,500 என்று வைத்துக்கொள்வோம். உடைந்தால் திட்டத்தால் மிச்சமாவது 12,500 ரூபாய். அதற்காக 3,000 கட்டுகிறோம். அந்த ஆண்டில் வாட்ச் உடைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் கணக்கு நேராகும். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அவ்வளவு வாய்ப்பு இருப்பது அரிது. பட்டறையில் வேலை செய்பவருக்கும், அடிக்கடி பைக்கைக் கழற்றி மாட்டுபவருக்கும் இருக்கலாம்.

இதே கணக்கை 2,500 ரூபாய் வாட்சுக்குப் போட வேண்டியதே இல்லை. உடைந்தால் புதிது வாங்கிவிடலாம். திட்டத்துக்குக் கட்டும் பணத்தை அதற்கே சேர்த்து வைக்கலாம்.

ஆகவே, கூடுதல் வாரன்டி மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. விலை உயர்ந்த வாட்சும் அடிபடும் வேலையும் சேர்ந்திருந்தால் விபத்துப் பாதுகாப்பு வாங்கலாம். பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: டிஸ்பிளே மாற்ற எவ்வளவு? ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டியது எவ்வளவு? பேட்டரி உண்டா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்கி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி செய்யாமல் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.