ரோசா இலைகளிற் கரும்புள்ளி நோய்

மன்னார்த் தீவில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சியே நிலவுதலின், ரோசாவை வருத்தும் கரும்புள்ளி நோய் ஆங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவமழைக் காலத்திலேயே பெரிதும் தலைகாட்டுகின்றது. திப்புளோகாப்பன் ரோசே என்னும் பங்கசே இதற்குக் காரணம். இதன் வித்தி முளைத்து இலையினுட் புகுவதற்கு இலை ஏறத்தாழ 7 மணி நேரம் இடையறாது நனைந்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மாலை 6 மணிக்கு நனைந்த இலை பெரும்பாலும் விடியும்வரை உலராது; நோய்க்கு அவ்வோர் இரவே போதும். ஆதலின் நீரைக் காலையில், இலை நனையாவண்ணம், வேரடியிலேயே ஊற்றுதல் நன்று.

கடற்கரையில் உப்புக்காற்றாற் கருகிய இலையை நோயுற்றதென மயங்குதல் எளிது. உப்பின் கருகல் இலையின் நுனியிலும் ஓரத்திலுந் தொடங்கிப் பழுப்பு நிறங் கொள்ளும். நோய்ப்புள்ளியோ இலையின் மேற்பரப்பில் வட்டமாய், ஓரம் இழையிழையாய்ப் பிரிந்து தோன்றும். சுற்றுப்புறம் மஞ்சளித்துக் கீழிலைகள் முதலில் உதிரும்.

நோயுற்ற இலைகளைச் செடி உலர்ந்திருக்கும் பொழுதே கொய்தல் வேண்டும். ஈர இலையைத் தொட்டால் வித்திகள் கையிலுங் கத்தரியிலும் ஒட்டி அயற்செடியைச் சேரும். கொய்தவற்றையும் உதிர்ந்தவற்றையும் எரித்தல் வேண்டும். கூட்டெருக் குழியில் இடலாகாது. உதிர்ந்த சருகிலிருந்தே மழைத்துளி வித்திகளை மேலே தெறிக்கச் செய்கின்றது. இளந்தண்டிற் செந்நீலப் புள்ளி காணின் அதனையும் வெட்டுக.

நீரில் நனையுங் கந்தகத்தூள் நலமான இலையைக் காக்குமேயன்றி நோயுற்றதை மீட்காது. வெப்பம் 32 பாகை செல்சியசைக் கடப்பின் அதுவே இலையைக் கருக்கும். மன்னாரின் நண்பகலில் அதனைத் தெளித்தல் தகாது.